சிவப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள்

பதுளை மாவட்டத்தில் மூன்று வண்ணங்களுக்குத் தனிப் பொருள் உண்டு. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராயிருங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கைகளை இந்த மூன்று மட்டங்களில்தான், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. பசறை, ஹாலிஎல, ஹல்துமுல்லை, பண்டாரவளை என்று பெயர்கள் வானொலியில் ஒலிக்கும்போது, அவற்றோடு எந்த நிறம் சேர்ந்து வருகிறது என்பதைத்தான் லயன்களில் இருப்போர் முதலில் கேட்கிறார்கள்.

இதை முன்வைத்து நான் எழுதப்போவது கணினித் திரையில் பார்க்கும் அறிக்கைகளைப் பற்றி. பெருந்தோட்ட நிறுவனங்களும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளும் கொழுந்து, தொழிற்சாலை, மழை, விற்பனை ஆகிய கணக்குகளைப் 'பவர் பிஐ' போன்ற வணிக நுண்ணறிவு மென்பொருள்களில் இட்டு, வரைபுகளாகப் பார்க்கும் காலம் இது. அந்த வரைபுகள் எல்லாவற்றுக்கும் வண்ணம், எழுத்துரு, தலைப்பின் தோற்றம் ஆகியவற்றை ஒரே ஒரு சிறு கோப்பினால் வகுத்துவிட முடியும். அதற்குத் 'தீம்' கோப்பு என்று பெயர். அழகுக்காகச் செய்யும் வேலை என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஊவாவின் மலைச்சரிவுகளில் அது வெறும் அழகு வேலை அல்ல என்பது என் கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். பவர் பிஐயில் எந்தத் தீமையும் தேர்ந்தெடுக்காமல் ஓர் அறிக்கையைத் தொடங்கினால், மென்பொருள் தானே ஒரு வண்ண வரிசையைத் தருகிறது. பல ஆண்டுகளாக அதனுடன் வந்த இயல்பு வரிசையில் முதல் இரண்டும் நீலங்கள். மூன்றாவது `#E66C37` என்ற செம்மஞ்சள். ஏழாவது `#D9B300` என்ற மஞ்சள். எட்டாவது `#D64550` என்ற சிவப்பு. ஒரு தோட்டத்தில் நான்கு பிரிவுகள் இருந்து, அவற்றின் கொழுந்து நிறையை ஒரே வரைபில் நான்கு கோடுகளாக வரைந்தால், மூன்றாவது பிரிவுக்குச் செம்மஞ்சள் கிடைக்கும். அந்தப் பிரிவு எந்தத் தவறும் செய்யவில்லை. அகர வரிசையில் மூன்றாவதாக நின்றது மட்டுமே அதன் பங்கு. அடுத்த பக்கத்தில் மழை வரைபு இருக்கிறது. அங்கே செம்மஞ்சள் என்றால் இரண்டாம் மட்ட எச்சரிக்கை. ஒரே அறிக்கையில், ஒரே நிறம், இரண்டு பொருள்.

பத்திரிகைப் பக்கம் அமைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. மரண அறிவித்தலுக்குப் போடும் தடித்த கறுப்புக் கட்டத்தைத் திருமண வாழ்த்துக்கும் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கட்டத்துக்குத் தானாகப் பொருள் எதுவும் கிடையாது. வாசகர் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியதனால் அதற்குப் பொருள் வந்தது.

ஊவாவில் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. இடம்பெயர்வு மட்டும் நடக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழை மலையகத்தை உடைத்துப் போட்டபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இந்த மண்ணில் மழை அளவை வெறும் விவசாயத் தகவலாகப் பார்க்கும் காலம் போய்விட்டது.

நிறுவகத்தின் அளவுகோல் எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து, இன்னும் தொடருமானால் முதல் மட்டம். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் இரண்டாம் மட்டம். 150 மில்லிமீற்றரை எட்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், மூன்றாம் மட்டம். பல தோட்டங்களில் மழைமானி உண்டு. காலையில் அதைப் பார்த்துக் குறித்துவைக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே தோட்டத்தின் கணக்குகளோடு மழையும் ஒரே அறிக்கைக்குள் வருவது இயல்பாக நடக்கிறது. வரும்போது அதன் வண்ணங்கள் எச்சரிக்கையின் வண்ணங்களாகவே இருக்க வேண்டும் என்பதில் எவரும் மாறுபட மாட்டார்கள். அந்த வண்ணங்கள் வேறெங்கும் வரக்கூடாது என்ற மறுபாதிதான் கைவிடப்படுகிறது.

உதாரணமாக ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். எந்த உண்மையான தோட்டத்தையும் இது குறிக்காது. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, ஆற்றுப்பிரிவு, கோயில்பிரிவு என நான்கு பிரிவுகள், ஒரு தொழிற்சாலை. அறிக்கையில் மூன்று பக்கங்கள். முதற்பக்கத்தில் பிரிவு வாரியாக நாளாந்தக் கொழுந்து. இரண்டாம் பக்கத்தில் தொழிற்சாலைக் கணக்கு: 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 21 அல்லது 22 கிலோ தேயிலை கிடைக்கும் என்பது பொதுவான விகிதம், அந்த விகிதம் மாதத்துக்கு மாதம் எப்படி நகர்கிறது என்பதை அங்கே காட்டுகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் மழை.

இந்த அறிக்கைக்கு நான் பரிந்துரைக்கும் தீம் கோப்பு இவ்வளவுதான். சாதாரண எழுத்துத் திருத்தியில் அடித்து, `.json` என்ற ஒட்டுடன் சேமித்துவைக்கலாம்.

```json
{
  "name": "Uva Estate",
  "dataColors": ["#0F4A2C", "#2F6DA8", "#3FA7A0", "#B9A3D0"],
  "good": "#7FA8C9",
  "neutral": "#8A9399",
  "bad": "#6B4A2B",
  "textClasses": {
    "title": { "fontFace": "Nirmala UI", "fontSize": 14,
               "color": "#222222" },
    "label": { "fontFace": "Nirmala UI", "fontSize": 11,
               "color": "#222222" }
  },
  "visualStyles": {
    "*": { "*": {
      "title": [{ "show": true, "titleWrap": true,
                  "alignment": "left" }]
    } }
  }
}
```

முதலில் `dataColors`. பிரிவுகளுக்குப் போகும் வண்ணங்கள் இவை: கரும்பச்சை, நீலம், நீலப்பச்சை, வெளிர் ஊதா. மஞ்சளோ செம்மஞ்சளோ சிவப்போ இதில் இல்லை. அவற்றை வேண்டுமென்றே விலக்கியிருக்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நான்கும் இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக ஏறுகின்றன. தோட்ட அலுவலகத்தின் அச்சுப்பொறி கறுப்பு மையில்தான் அடிக்கும் என்றாலும், நான்கு சாம்பல் நிறங்களாக அவற்றைப் பிரித்தறியலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் ஆண்களிடையே அரிதல்ல என்பதால், அவர்களுக்கும் இதே படிநிலை கைகொடுக்கும்.

நான்கு போதுமா என்று கேட்கலாம். ஐந்தாவது கோடு வந்தால் மென்பொருள் உள்ள வண்ணங்களையே சற்று மாற்றிப் போட்டு ஒப்பேற்றும். அந்தச் சாயல்களைக் கண்ணால் பிரிப்பது கடினம். பட்டியலில் ஐந்தாவதைச் சேர்ப்பதைவிட வரைபை இரண்டாகப் பிரிப்பதே மேல் என்பேன். ஐந்து கோடுகள் பின்னிக்கிடக்கும் படத்தில் எதையாவது கண்டுபிடித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்து வருவதுதான் பலர் கவனிக்காமல் விடும் இடம். `good`, `neutral`, `bad` என்ற மூன்று சொற்கள். பவர் பிஐயின் குறிகாட்டிப் படமும், ஏற்ற இறக்கங்களைப் படிக்கட்டு போலக் காட்டும் 'வாட்டர்ஃபால்' வரைபும் தமது நிறங்களை இவற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. `bad` என்ற இடத்தில் எல்லோருடைய கையும் சிவப்பை நோக்கித்தான் போகும். போனால் என்ன ஆகும்? ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும் பருவம். கொழுந்து குறையும், ஆனால் அந்தக் காற்றில் வாடிய கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித்தந்த வாசனையைக் கொடுக்கிறது. அந்த மாதங்களில் நிறை குறைந்ததை வாட்டர்ஃபால் வரைபு பெரிய சிவப்புப் படிகளாக வரையும். தோட்டத்துக்கு நல்ல விலை கிடைக்கக்கூடிய பருவம், வெளியேறச் சொல்லும் நிறத்தில் காட்சியளிக்கும். மூன்று மாதம் இப்படிச் சிவப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒக்டோபருக்குப் பின் மழைப் பக்கத்தில் எழும் சிவப்பு என்ன உறைப்பை உண்டாக்கும்?

எனவேதான் `bad` என்பதற்குக் கரும்பழுப்பு வைத்தேன். `good` என்பதற்கு வெளிர்நீலம். இரண்டும் பிரிவுகளின் பட்டியலில் இல்லாதவை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேற்பிரிவின் நிறம் 'நன்று' என்ற தீர்ப்பின் நிறமாக வாசிக்கப்படும்.

இங்கே கொழும்புத் தலைமை அலுவலகங்களிலிருந்து ஓர் ஆட்சேபம் வரும். நிறுவனத்தின் சின்னம் சிவப்பு. அறிக்கைகளிலும் அந்தச் சிவப்பு இருக்க வேண்டும் என்பார்கள். சின்னத்தைப் பக்கத்தின் மூலையில் படமாக வைத்துக்கொள்ளட்டும். கோடுகளுக்கும் சட்டங்களுக்கும் அந்த நிறம் வேண்டாம். நிறுவனத்தின் அடையாளத்துக்கு ஒரு மூலை போதும். எச்சரிக்கைக்கு ஒரு நிறமாவது முழுவதும் சொந்தமாயிருக்க வேண்டும்.

அப்படியானால் மழைச் சட்டங்களுக்கு மஞ்சளும் சிவப்பும் எங்கிருந்து வரும்? தீம் கோப்பிலிருந்து வராது. இதுதான் அந்தக் கோப்பின் எல்லை: அது வண்ணங்களை வரிசையாகத் தருமே தவிர, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது அதற்குத் தெரியாது. அதற்கு அறிக்கைக்குள் ஒரு சிறு சூத்திரம் வேண்டும்.

```
Level Colour =
SWITCH( TRUE(),
    [Rain 24h] >= 150, "#C62828",
    [Rain 24h] >= 100, "#F57C00",
    [Rain 24h] >= 75,  "#F9D71C",
    "#8A9399" )
```

சட்ட வரைபைத் தேர்ந்து, நிறத்துக்குப் பக்கத்திலுள்ள `fx` பொத்தானை அழுத்தி, `Field value` என்பதன் கீழ் இந்தச் சூத்திரத்தைக் கொடுத்தால், 75ஐத் தொடாத நாள்கள் எல்லாம் சாம்பலிலும், தாண்டிய நாள்கள் தத்தம் நிறத்திலும் நிற்கும். 82 மில்லிமீற்றர் பெய்த நாள் மஞ்சள். 131 பெய்த நாள் செம்மஞ்சள். மஞ்சளும் செம்மஞ்சளும் ஒளிவீழ்த்தியில் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதால், 75, 100, 150 ஆகிய இடங்களில் மூன்று கிடைக்கோடுகளும், சட்டத்தின் மேல் அளவு எண்ணும் இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லக்கூடாது.

இந்தப் படத்துக்கு இரண்டு குறைகள் உண்டு, மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காலையில் ஒருமுறை மட்டும் பார்க்கப்படும் மழைமானியால், ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டியதா என்பதைச் சொல்ல முடியாது; ஆகவே இந்த வரைபில் மஞ்சளாக நிற்கும் நாள் உண்மையில் சிவப்பாக இருந்திருக்கலாம். மானி பார்க்கப்படாத நாளில் சட்டமே இருக்காது. அது மழையில்லாத நாளைப் போலவே தோன்றும். பார்க்காத நாள்களை 'அளக்கப்படவில்லை' என்று ஓர் அட்டவணையில் தனியே காட்டத்தான் வேண்டும். மக்களை வெளியேற்றும் முடிவு நிறுவகத்தின் அறிவித்தலைக் கொண்டு எடுக்கப்படுவது. தோட்டத்தின் வரைபு அதற்குப் பதிலாகாது.

இனி எழுத்துருவுக்கு வருவோம். தமிழில் அறிக்கை தயாரிப்பவர்கள் படும் பாடு ஆங்கிலத்தில் செய்பவர்களுக்குத் தெரியாது. விண்டோஸில் வரும் 'நிர்மலா யூஐ' என்ற எழுத்துருவை இந்தக் கோப்பில் வைத்ததற்குக் காரணம், அதில் தமிழும் சிங்களமும் இலத்தீன் எழுத்தும் ஒன்றாக இருப்பது. பதுளையில் ஒரே வரைபை மூன்று மொழிக்காரரும் பார்க்கிறார்கள். மூன்று மொழிக்கும் மூன்று எழுத்துரு வைத்தால் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் தெரியும். பருத்த மொழிதான் முதன்மை மொழி என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இந்த நாட்டில் பெயர்ப்பலகைகளில் எழுத்தின் அளவுக்காக எவ்வளவு மை செலவழிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அளவையும் சற்றுக் கூட்டியிருக்கிறேன். ஆங்கில எழுத்துக்கு 9 புள்ளி போதும். தமிழுக்கு மேல்விலங்கும் கீழ்வளைவும் உண்டு; 9 புள்ளியில் 'கொழுந்து' என்பதன் 'ழு' ஒரு கறையாகிவிடும். 11 வைத்தால் வாசிக்கலாம். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளம். அளவைக் கூட்டினால் தலைப்பு பெட்டிக்குள் அடங்காமல் பாதியில் புள்ளி வைத்து நின்றுவிடும். அதற்குத்தான் `titleWrap` என்ற வரி. தலைப்பு அடுத்த வரிக்கு இறங்க அது இடம் கொடுக்கும். பெட்டிகளைச் சற்று உயரமாகவும் வையுங்கள். எழுத்துரு கோப்புக்குள் பொதிந்து போவதில்லை. பார்ப்பவரின் கருவியில் அது இருந்தால்தான் வரும். கைப்பேசியில் நிர்மலா இல்லாவிட்டால் அந்தக் கருவியின் தமிழ் எழுத்துரு வந்து உட்காரும். வாசிக்கலாம், ஆனால் அகலம் மாறும். இடம் விட்டு அமைத்தவர் தப்புவார்.

இலங்கைத் தமிழருக்கென்றே இன்னொரு பொறி இருக்கிறது. யுனிகோட் வருமுன் இங்கே ஆட்சி செய்தது பாமினி. அலுவலகங்களின் பழைய விரிதாள்களில் இன்னும் அது குடியிருக்கிறது. பாமினியில் அடித்த சொல் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. அப்படிப்பட்ட தாளை அறிக்கைக்குள் இழுத்து, நிர்மலா தீமைப் போட்டவுடன், பதுளை இருக்க வேண்டிய இடத்தில் `gJis` என்று வந்து நிற்கும். சிலர் இதைத் தீமின் கோளாறு என்று நினைத்து, `fontFace` என்ற இடத்தில் பாமினியையே எழுதிவிடுகிறார்கள். பதுளை திரும்பி வரும்; ஆனால் தீம் அறிக்கை முழுவதற்கும் பொது என்பதால், ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லும் பொருளற்ற தமிழாகிவிடும். யுனிகோட் தமிழ் மட்டும் தப்பி நிற்கும். தீமினால் தீராத நோய் இது. தரவை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு தீமுக்கு வர வேண்டும். திரையில் `jkpo;` என்பது போன்ற எழுத்துக்கூட்டமும், நடுவே தனித்துத் தொங்கும் அரைப்புள்ளிகளும் கண்ணில் பட்டால் நோய் இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள்.

கோப்பைப் போடும் வழி எளிது. பவர் பிஐ டெஸ்க்டொப்பில் `View` என்பதற்குப் போய், `Themes` பகுதியின் கீழ் அம்புக்குறியை விரித்து, `Browse for themes` என்பதைத் தேர்ந்து கோப்பைக் காட்ட வேண்டும். கோப்பை ஏற்க மறுத்தால் பெரும்பாலும் நிறுத்தற்குறிதான் காரணம். ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கும். அல்லது சொற்செயலியில் அடித்ததால் நேரான மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும்.

ஏற்றுக்கொண்ட பிறகும் சில வரைபுகள் அசையாமல் பழைய நிறத்திலேயே இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் இதுதான்: யாரோ ஒருவர் முன்பு அந்த வரைபின் நிறத்தையோ எழுத்தையோ கையால் மாற்றியிருக்கிறார். கையால் மாற்றியது தீமை வெல்லும். எவை அப்படி மாற்றப்பட்டவை என்பதை ஒவ்வொன்றாகத் தேடுவது வீண் வேலை. அதற்குப் பதிலாக, `dataColors` முழுவதும் `#FF00FF` என்ற கண்ணைப் பறிக்கும் ஊதாச் சிவப்பையும், தலைப்பின் அளவு 30ஐயும் கொண்ட ஒரு சோதனைத் தீமை ஐந்து நிமிடத்தில் எழுதிப் போட்டுப் பாருங்கள். அறிக்கை அலங்கோலமாகும். அந்த அலங்கோலத்தில் சேராமல் அடக்கமாக நிற்கும் வரைபுகள்தான் கையால் தொடப்பட்டவை. அவற்றை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் `Reset to default` செய்துவிட்டு, உண்மையான தீமைத் திரும்பப் போடலாம். மழைச் சட்டங்களும் அசையாமல்தான் நிற்கும். அவற்றின் நிறம் சூத்திரத்திலிருந்து வருவது. அவற்றைத் தொடாதீர்கள்.

நமது உதாரணத் தோட்டத்தில் இன்னொன்றும் நடக்கும். கோயில்பிரிவில் ஒரு வாரம் கொழுந்து எடுக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துக்கென்று தனியே வரையும் வரைபில் மூன்று பிரிவுகளே இருப்பதால், வண்ண வரிசை நகர்ந்து, முந்தைய வரைபில் ஒரு பிரிவுக்கு இருந்த நிறம் இதில் வேறொரு பிரிவுக்குப் போய்விடலாம். பிரிவின் பெயரோடு நிறத்தைக் கட்டிவைக்கத் தீமினால் முடியாது என்று முன்பே சொன்னேன். பிரிவுகளின் நிறங்களை ஒருமுறை கையால் பட்டியலிலிருந்து தேர்ந்து பொருத்தலாம். அல்லது கோட்டின் முனையிலேயே பிரிவின் பெயரை எழுதலாம். நான் இரண்டாவதையே விரும்புவேன். பெயர் எழுதியிருந்தால் நிறம் மாறினாலும் வாசகர் ஏமாற மாட்டார்.

தலைப்புகளைப் பற்றி ஒரு சொல். தீம் தலைப்பின் தோற்றத்தைத்தான் வகுக்கும், வாசகத்தை வகுக்காது. எல்லாத் தலைப்பும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், இடப்புறம் ஒட்டி நின்றாலும், ஒன்றில் 'மழை' என்றும் மற்றொன்றில் 'கொழுந்து விபரம் (இறுதி) புதியது' என்றும் இருந்தால் பயனில்லை. 'நாளாந்த மழை, மில்லிமீற்றர், ஒக்டோபர்' என்று பொருளும் அலகும் காலமும் ஒரே ஒழுங்கில் எழுதும் விதியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். பத்திரிகை அலுவலகத்தில் அதைத்தான் செய்வார்கள். மென்பொருள் அதைச் செய்துதராது.

இறுதியாக, கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. தீமை ஓர் அறிக்கைக்குள் போட்டவுடன் அதன் பிரதி அந்த அறிக்கைக்குள் உட்கார்ந்துவிடும். பின்னர் மூலக் கோப்பில் ஒரு நிறத்தை மாற்றினால், ஏற்கனவே போட்ட அறிக்கைகள் மாறா. ஒவ்வொன்றிலும் திரும்பப் போட வேண்டும். பத்துத் தோட்டங்களுக்குப் பத்து அறிக்கைகள் இருந்தால் பத்துத் தடவை. ஆகவே `name` என்ற இடத்தில் பெயரோடு ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து எழுதுவதும், எந்த அறிக்கையில் எந்தப் பிரதி போடப்பட்டது என்பதை ஒரு பதிவேட்டில் குறிப்பதும் ஒருவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த ஒருவர் கொழும்பில் இருப்பதைவிடப் பதுளையிலோ பண்டாரவளையிலோ இருப்பது நல்லது. செப்டெம்பர் முடியுமுன் அவர் பத்து அறிக்கைகளையும் திறந்து, மழைப் பக்கத்துக்கு வெளியே எங்காவது சிவப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால், பருவமழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று முடிந்தது.